பால் போல வெளுத்தால்தான் மருந்து

மாடித் தோட்டத்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்துவிட்டால் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: வேப்ப எண்ணெயில் கொஞ்சம் சோப்பு கலந்து அடியுங்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு நாளில் இலைகளின் ஓரம் காபித்தூள் நிறத்தில் கருகி நிற்கும். பூச்சியோ இலைக்காம்பின் இடுக்கில் அப்படியே இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து, அடுத்த முறை அளவை இரட்டிப்பாக்குவார்கள்.

செடி கருகுவதற்கான காரணம் பெரும்பாலும் கலக்குகிற பாத்திரத்திலேயே தொடங்கிவிடுகிறது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. சரியாகக் கலக்காத கரைசலைத் தெளிப்பானில் ஊற்றினால் எண்ணெய் மேலே ஒதுங்கும், தண்ணீர் அடியில் நிற்கும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். அதனால் முதலில் வெறும் சோப்புத் தண்ணீர் வந்து, கடைசியில் மிஞ்சிய எண்ணெய் மொத்தமும் நாலைந்து கிளைகளின் மேல் விழும். அந்த இலைகளில் எண்ணெய் கெட்டியாகப் படிந்து சுவாசத் துளைகளை அடைக்கும். வெயில் ஏறியதும் இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியில்லாமல் வாடும்.

அதற்கு முன் பாட்டிலைப் பார்க்க வேண்டும். வேப்ப எண்ணெய் என்ற பெயரில் கடையில் மூன்று வகைப் பொருள் கிடைக்கிறது. விளக்கேற்ற விற்கும் எண்ணெயில் வேறு எண்ணெய்கள் கலந்திருக்கலாம், அது செடிக்கு வேண்டாம். செக்கில் ஆட்டிய எண்ணெய் கசப்பு வாடையோடு பழுப்பாக இருக்கும். மூன்றாவது, உரக்கடையில் 300, 1500, 10,000 பிபிஎம் என்று எண் போட்டு விற்கும் மருந்து. அசாடிராக்டின் என்ற வேம்பின் கசப்புச் சத்து அதில் எவ்வளவு இருக்கிறது என்பதையே அந்த எண் குறிக்கிறது. தண்ணீரோடு கலப்பதற்கான பொருளும் பெரும்பாலும் அதிலேயே சேர்ந்திருக்கும். ஆகவே அதற்குத் தனியாகச் சோப்பு தேவையில்லை, பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவே அளவு. 300-க்குச் சொன்ன அளவை 10,000-க்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வயலில் நிற்கும் பயிருக்கு 3 சதவீத வேப்ப எண்ணெய், அதாவது லிட்டருக்கு 30 மில்லி என்ற பரிந்துரை தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. சூடான மொட்டைமாடியில் தொட்டிக்குள் நிற்கும் செடிக்கு அந்த அளவில் தொடங்குவது ஆபத்து. செக்கு எண்ணெயானால் லிட்டருக்கு 5 மில்லி, அதாவது சமதளமாக ஒரு தேக்கரண்டி போதும்.

கலக்கும் முறை இதுதான். ஒரு சிறிய கிண்ணத்தில் 5 மில்லி எண்ணெயை எடுத்து, அதிலேயே அரைத் தேக்கரண்டி காதி சோப்புக் கரைசலை விட்டு நன்றாக அடிக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க, கரைசல் பால் போல வெளுக்கும். அதன்பின் மீதித் தண்ணீரைச் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கலாம். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மேலே பொன்னிறப் பொட்டுகள் மிதந்தால் எண்ணெய் இன்னும் பிரிந்தே இருக்கிறது. இன்னும் சில துளி சோப்பு விட்டு மறுபடி அடிக்க வேண்டும். தெளிக்கும்போதும் நடுநடுவே பாட்டிலைக் குலுக்க வேண்டும்.

பாத்திரம் துலக்கும் திரவத்தையும் துணி துவைக்கும் பொடியையும் சோப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவை எண்ணெய்ப் பிசுக்கை அகற்றச் செய்யப்பட்டவை. இலையின் மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் மெழுகும் அந்த வகைதான், அதையும் அவை சேர்த்தே அகற்றிவிடும். மெழுகு போன இலை வெயிலில் எளிதாகக் காயும். எண்ணெய் இல்லாமல் சோப்பு மட்டும் அடிப்பதானால் லிட்டருக்கு 5 கிராம் சீவிய காதி சோப்பு போதும். உப்புத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளைத் திப்பியாக மிதக்கும். அந்தத் திப்பி பூச்சியைக் கொல்லாது, தெளிப்பானின் மூக்கை அடைப்பதே அதன் வேலை. மழைநீரோ வடிகட்டிய தண்ணீரோ கொஞ்சம் சேமித்து அதில் கலப்பது நல்லது.

இனி நேரம். சோப்பு ஈரமாக இருக்கும் வரைதான் மென்மையான உடல் கொண்ட பூச்சியின் தோலைச் சிதைக்கும். காய்ந்துவிட்டால் அதற்கு வேலையில்லை. வேம்பின் கசப்புச் சத்தும் வெயிலில் சீக்கிரம் அழியும். பகலில் அடித்தால் மருந்தும் வீண், இலையும் சேதம். மாலையில் தொட்டி மேல் நேரடி வெயில் விலகிய பிறகு, வெப்பம் 30 டிகிரியைச் சுற்றி இறங்கியதும் அடிப்பதே சரி. சென்னையின் மே மாதத்தில் ஐந்து மணி கூடச் சீக்கிரம்தான். அன்று காலையே செடிக்கு வேரில் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும், ஏனெனில் தாகத்தில் துவண்ட செடிதான் முதலில் கருகும். மாலைக்குள் தேனீக்களும் பூவை விட்டுப் போயிருக்கும்.

முதல் நாளே செடி முழுவதும் அடிக்க வேண்டாம். ஒரு கிளையில் நாலு இலைக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். பெரணி, சதைப்பற்றுள்ள செடிகள், இளநாற்றுகள் ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை கட்டாயம். சோதனையில் தேறினால், இப்படித் தொடங்கலாம்: தண்ணீரைப் பீய்ச்சி முடிந்தவரை பூச்சிகளை உதிர்த்துவிட்டு, இலையின் அடிப்பக்கத்திலும் காம்பு இடுக்கிலும் மெல்லிய பனி போலத் தெளிக்க வேண்டும். கரைசல் இலை நுனியில் சொட்டாகத் திரளக் கூடாது. சொட்டு நின்ற இடமே முதலில் பழுப்பாகும். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். வேம்பு பூச்சியை உடனே சாகடிக்காது. அது பூச்சியின் தீனியையும் தோலுரிப்பையும் தடுக்கும், பலன் தெரிய சில நாள் ஆகும். அடுத்த நாள் காலையில் பூச்சி அசைவதைப் பார்த்துவிட்டு மறுபடி அடிப்பவர்கள்தான் செடியை அதிகம் இழக்கிறார்கள்.

கருகலையும் நோயையும் பிரித்தறிவது எளிது. கருகல் தெளித்த ஒன்றிரண்டு நாளில் பல இலைகளில் ஒரே சமயத்தில், ஓரத்திலும் நுனியிலும் தெரியும். அதன்பின் பரவாது, புதுத்தளிர் சுத்தமாக வரும். நோய்ப் புள்ளி நாளுக்கு நாள் விரியும். கருகல் கண்டால் மாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட்டு, புதுத்தளிர் வரும்வரை எந்த மருந்தும் அடிக்காமல் விடுவதே வைத்தியம். கந்தகம் அடித்திருந்தால் குறைந்தது இரண்டு வாரமாவது எண்ணெய் பக்கம் போகக்கூடாது.

தெளித்தே தீர்க்க முடியாத பூச்சியும் உண்டு. 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி அப்படித்தான் பரவியது. 2010-இல் அசிரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. உங்கள் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை இழை போர்த்த, ஆனால் பெரியதாகவும் சுறுசுறுப்பாகவும் நடக்கும் ஒரு புழு தெரிந்தால், அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சாக இருக்கலாம். அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். தண்டில் எறும்பு ஏறினால் அதைத் தடுக்க வேண்டும், மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கும்.

கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் அது வீரியமிழந்திருக்கும். மிஞ்சியதை மீன் தொட்டி, குளம் பக்கம் கொட்டக் கூடாது. தெளிக்கும்போது கண்ணிலும் மூக்கிலும் படாமல் கண்ணாடியும் துணியும் அணிவது அவசியம். வேப்ப எண்ணெய் வயிற்றுக்குள் போனால் கைக்குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து. ஆகவே பாட்டில் எட்டாத உயரத்தில், பெயர் எழுதிய ஒட்டுச்சீட்டோடு இருக்கட்டும்.