மூன்று மாதத்துக்குள் காய்ச்சல்: விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

மூன்று வயதுப் பிள்ளைக்கு 101 டிகிரி காய்ச்சல் என்றால், குழந்தை மருத்துவர் தொண்டையைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார், பாரசிட்டமால் எழுதிக்கொடுத்து "ரெண்டு நாள் பாருங்க" என்று அனுப்பிவைப்பார். அதே 101 டிகிரியோடு மூன்று வாரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் அன்றிரவே வார்டில் சேர்த்துவிடுவார். ரத்தம் எடுப்பார், சிறுநீர் எடுப்பார், முதுகில் ஊசி போட்டு நீரும் எடுப்பார். குழந்தை கைகாலை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இத்தனை என்று வீட்டாருக்குத் தோன்றும். இந்த வயதில் 'பார்க்க நன்றாக இருப்பது' எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதுதான் காரணம்.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பது நாள் ஆண் குழந்தை. நிறைமாதம், பிறந்தபோது 2.9 கிலோ. தாயும் சேயும் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். மதியத்திலிருந்து குழந்தை நாலு வாய் குடித்ததும் தூங்கிப்போகிறான். சாயங்காலம் தொட்டால் சுடுகிறது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 100.6. "பச்ச ஒடம்பு கண்ணு, சூடாத்தான் இருக்கும். துணியச் சுத்திப் படுக்க வை, காலைல பாத்துக்கலாம்" என்கிறார் பாட்டி.

அந்த அம்மா செய்ய வேண்டிய முதல் வேலை, சுற்றிய துணியை அவிழ்ப்பது. தலைக் குல்லா, கையுறை, காலுறை எல்லாவற்றையும் கழற்றி, ஒரு மெல்லிய சட்டையோடு விட்டுக் கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு, தெர்மாமீட்டரின் நுனி தோலோடு ஒட்டியிருக்கும்படி கையை மடக்கிப் பிடித்து, பீப் ஒலி வரும்வரை வைத்திருக்க வேண்டும். புறங்கையால் தொட்டுப் பார்ப்பதையும், நெற்றிக்கு நேரே நீட்டும் கருவியையும் இந்த வயதில் நம்ப முடியாது. ஆசனவாயில் அளந்து 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் வந்தால் காய்ச்சல் என்பது மருத்துவக் கணக்கு. அக்குளில் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். அதனால்தான் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைப் பார்க்க நம் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தரப்படும் வழிகாட்டுதல், அக்குளில் 99.5 டிகிரி வந்தாலே கடுமையான தொற்றாக இருக்கலாம் என்று எண்ணி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்கிறது. நம் குழந்தைக்குத் துணியைக் கழற்றிய பிறகும் 100.4 காட்டுகிறது. இனி வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லை, கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்புமுன் பாரசிட்டமால் சொட்டு மருந்து கொடுக்கலாமா? கூடாது. சூடு இறங்கினால் நோய் இறங்கியதாக எல்லோரும் நிம்மதியடைவார்கள், பயணம் தள்ளிப்போகும். தெரியாமல் கொடுத்திருந்தாலும் கிளம்புங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் அளந்த காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டாலும் கணக்கில் சேரும்.

இந்தப் பதற்றத்துக்கு என்ன அவசியம்? இந்த வயதில் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பாக்டீரியாத் தொற்று இருக்கிறது. பெரும்பாலும் சிறுநீரில், சிலருக்கு ரத்தத்தில், இன்னும் சிலருக்கு மூளை உறையில். மீதி ஒன்பது பேருக்குப் பெரும்பாலும் சாதாரண வைரஸ்தான். அந்த ஒருவர் யார் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது, சிக்கல் அங்கேதான்.

பெரியவர்களுக்குச் சிறுநீரில் தொற்று வந்தால் எரிச்சல் எடுக்கும். மூளைக்காய்ச்சல் வந்தால் தலை பிளக்கும், கழுத்து விறைக்கும். மூன்று வாரக் குழந்தைக்கு இந்த அடையாளம் எதுவும் வராமல் போகலாம். கழுத்துத் தளர்வாகவே இருக்க, மூளை உறையில் சீழ் பிடித்திருக்கும். ஒரு கிருமி ரத்தத்தில் புகுந்துவிட்டால், அதைச் சூழ்ந்து அழிக்கும் வெள்ளணுக்களின் கையிருப்பும் பச்சைக் குழந்தையிடம் குறைவு. ஓரிடத்தில் தொடங்கிய தொற்றை அங்கேயே அடக்கிவைக்க அந்த உடம்பால் முடியாது. தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்த எதிர்ப்புப் பொருள்கள் ஓரளவு காக்கும். ஆனால் அவை பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் வருபவை, ஆகவே குறைமாதக் குழந்தைக்கு அதுவும் போதாது. காலையில் லேசாகச் சுட்ட குழந்தை இரவில் மூச்சுத் திணறிக் கிடப்பது இப்படித்தான். சிலருக்குக் காய்ச்சலே வராமல் உடம்பு சில்லிட்டுப்போகும். அக்குளில் 95.9 டிகிரிக்கு, அதாவது 35.5 செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதுவும் அதே அளவு ஆபத்து.

மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி குழந்தைக்கு எத்தனை நாள் என்பது. இங்கே வாரக் கணக்கு போதாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 8 முதல் 21 நாள், 22 முதல் 28 நாள், 29 முதல் 60 நாள் என்று வயதைப் பிரித்திருக்கிறது. முதல் பிரிவில் இருக்கும் குழந்தை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எல்லாப் பரிசோதனையும் உண்டு, படுக்கையும் உண்டு. ஒரு மாதம் தாண்டினால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., புரோகால்சிடோனின் போன்றவற்றையும் சிறுநீரையும் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் முதுகு ஊசியைத் தவிர்க்க முடிகிறது. இரண்டு மாதத்துக்கு மேல் டாக்டரின் கணிப்புக்கு இன்னும் கொஞ்சம் இடம் உண்டு.

நம் குழந்தைக்கு பத்தொன்பது நாள். டாக்டரம்மா உடைகளை முழுவதும் களைந்து பார்க்கிறார். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுகிறார். அறுபதைத் தொட்டால் அது வேக மூச்சு. உச்சிக்குழி உப்பியிருக்கிறதா, தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா, தோலில் நீர்க்கொப்புளம் உண்டா, ஏதாவது கைகாலை அசைக்காமல் வைத்திருக்கிறானா என்று தேடுகிறார். பிரசவத்தில் பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரத்தில் பிறந்தான், அப்போது அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்ததா என்று கேட்கிறார். சர்க்கரை அளவும் பார்க்கப்படுகிறது. பிறகு கல்ச்சருக்கு ஒரு மில்லி அளவு ரத்தம் எடுக்கிறார்கள்.

சிறுநீருக்குச் சிறு குழாய் செலுத்துகிறார்கள். ஒட்டும் பை கட்டிப் பிடித்தால் தோலில் உள்ள கிருமியும் கலந்துவிடும். இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும். அரை நிமிட வேதனைக்குப் பயந்து தவறான அறிக்கையை வைத்துப் பல நாள் மருந்து ஏற்றுவதைவிட, குழாயே நல்லது.

அடுத்து, பெற்றோர் பெரும்பாலும் தயங்கும் இடம். "மேடம், முதுகுல ஊசி போட்டா கால் வராமப் போயிடும்னு சொல்றாங்களே?" என்று கேட்கிறார் அப்பா. பயம் நியாயமானது, ஆனால் நடப்பது வேறு. பிறந்த குழந்தைக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் மூன்றாவதன் அளவில் முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக உள்ள இடைவெளியில் போகிறது. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பிழைகள். ஊசி நுழையும்போது அவை விலகிக்கொள்ளும். குழந்தையைப் பக்கவாட்டில் சுருட்டிப் பிடித்திருக்க, நீர் சொட்டுச் சொட்டாகக் குழாய்களில் விழுகிறது. சீழணு எத்தனை, புரதம் எவ்வளவு, சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கலங்கியிருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். மூளைக்காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று இந்த வயதில் திட்டவட்டமாகச் சொல்ல இதைவிட்டால் வேறு வழி இல்லை. மருந்தின் அளவும் எத்தனை நாள் என்பதும் அதைப் பொறுத்தே மாறும்.

இவ்வளவும் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுகிறது. பொதுவாக ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்த்து, அல்லது அந்த மருத்துவமனையில் காணும் கிருமிக்கு ஏற்றபடி வேறு மருந்து. தோலில் கொப்புளமோ வலிப்போ இருந்தால் ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான அசைக்ளோவிரும் சேரும். இங்கே வரிசை முக்கியம்: முதலில் மாதிரி, பிறகு மருந்து. வழியில் ஒரு கிளினிக்கில் ஒற்றை ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுக்கொண்டு வந்தால், கிருமி பாதி ஒடுங்கிக் கல்ச்சரில் வளராமல் போய்விடும்; உள்ளே உயிரோடு இருக்கும். அப்புறம் எந்தக் கிருமி, எத்தனை நாள் மருந்து என்பதெல்லாம் ஊகம்தான். குழந்தை ஏற்கெனவே மோசமாக, தள்ளாடும் நிலையில் இருந்தால் மட்டும் மாதிரிக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது.

நம் குழந்தையின் சிறுநீரில் அன்றிரவே சீழணுக்கள் தெரிந்தன. முதுகு நீர் தெளிவாக இருந்தது. மறுநாள் சிறுநீர்க் கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்தது, ரத்தத்தில் 36 மணி நேரத்துக்குப் பிறகும் எதுவும் வளரவில்லை. கிருமி ரத்தத்துக்கும் மூளைக்கும் போகுமுன் பிடிபட்டுவிட்டது. முதல் சில மாதங்களில் சிறுநீர்த் தொற்று பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது. பாதையில் பிறவி அடைப்பு ஏதாவது இருக்கிறதா என்று அறியச் சிறுநீரக ஸ்கேன் எடுக்கிறார்கள். சிறுநீர் வேகமாகப் பீய்ச்சுகிறதா, சொட்டுச் சொட்டாக வருகிறதா என்று அம்மாவையும் கவனிக்கச் சொல்கிறார்கள். கிருமிக்கு ஏற்ற மருந்தை முழுக் கணக்குக்கும் கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்; காய்ச்சல் நின்ற அன்றே நிறுத்துவதில்லை.

தடுப்பூசி பற்றி ஒரு கேள்வி எழும். ஆறாவது, பத்தாவது வாரங்களில் பென்டாவேலன்ட் போட்ட இரவில் காய்ச்சல் வருவது சகஜம். அதற்கு நர்ஸ் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் 48 மணி நேரம் தாண்டியும் காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை பால் மறுத்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, ஊசிக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

ஆகவே மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருப்பவர்கள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். அக்குளில் 99.5க்கு மேல் காட்டி, துணி தளர்த்தியும் இறங்கவில்லை என்றால், மணி இரவு இரண்டானாலும் கிளம்புங்கள். முதுகு ஊசிக்குச் சம்மதம் கேட்டால் தயங்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரை உள்ள நோயுற்ற குழந்தைக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வண்டி இல்லாவிட்டால் 108ஐ அழையுங்கள்.