மார்ச்சு 31-இல் மூட்டைகளை நிறுத்துப் பார்ப்பது ஏன்?

கல்வராயன் மலையில் புளி உலுக்கும் காலம் தை மாதத்தில் தொடங்கிப் பங்குனி வரை நீடிக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் கணக்கு முடிக்கும் நாளோ மார்ச்சு 31. ஆகவே, கிடங்கில் சரக்கு மிகுதியாக நிரம்பியிருக்கும் தருணத்திலேயே ஆண்டுக் கணக்கை மூட வேண்டியதாகிறது. அன்று இருப்பை எவ்வாறு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே, அங்கத்தினர்களுக்குக் காட்டப்படும் இலாபம் மெய்யா பொய்யா என்பது அமையும்.

விற்ற சரக்கின் அடக்கவிலையைக் காணும் முறை எளிது. ஆண்டின் தொடக்கத்தில் இருந்த சரக்கின் மதிப்புடன் அவ்வாண்டின் கொள்முதலைக் கூட்ட வேண்டும். கிடங்குக்குச் சரக்கைக் கொண்டுவந்த வண்டிச் சத்தமும் ஏற்று இறக்குக் கூலியும் கொள்முதலைச் சேர்ந்தவையே. இந்தக் கூட்டுத் தொகையிலிருந்து ஆண்டு இறுதியில் எஞ்சிய சரக்கின் மதிப்பைக் கழித்தால் கிடைப்பதே விற்ற சரக்கின் அடக்கவிலை. அதை விற்பனைத் தொகையிலிருந்து கழிக்க மொத்த இலாபம் வெளிப்படும்.

மலையில் புளி வாங்கிக் கள்ளக்குறிச்சியில் விற்கும் ஒரு சங்கத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் தேதியில் அதன் இருப்பு 20 குவிண்டால்; குவிண்டால் 8,000 ரூபாய் வீதம் மதிப்பு 1,60,000 ரூபாய். ஆண்டில் வாங்கியது 100 குவிண்டால். வண்டிச் சத்தம் உட்பட அடக்கம் 9,40,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 11,00,000 ரூபாய். விற்றது 80 குவிண்டால். வரவு 9,60,000 ரூபாய்.

இருப்பு எவ்வளவு? 120-இல் 80 போக 40 குவிண்டால் என்று புத்தகம் கூறும். பழைய சரக்கு முதலில் விற்றுவிட்டபடியால், எஞ்சியது புதிய கொள்முதல். குவிண்டால் அடக்கம் 9,400 ரூபாய். அவ்வாறாயின் இருப்பு மதிப்பு 3,76,000 ரூபாய். விற்ற சரக்கின் அடக்கவிலை 7,24,000 ரூபாய். மொத்த இலாபம் 2,36,000 ரூபாய்.

ஆனால் தராசில் ஏற்றிப் பார்த்தபோது 36 குவிண்டாலே இருந்தது. ஈரப்பதத்துடன் வாங்கிய புளி கிடங்கில் உலர்ந்து எடை குறைந்துவிட்டது. மெய்யான இருப்பு மதிப்பு 3,38,400 ரூபாய். அடக்கவிலை 7,61,600 ரூபாய். இலாபம் 1,98,400 ரூபாய். இடைப்பட்ட 37,600 ரூபாய், நிறுக்காமல் விட்டிருந்தால் இல்லாத இலாபமாகப் பங்கிடப்பட்டிருக்கும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கணக்கு குறைவின் தொகையைக் காட்டுமேயன்றி அதன் காரணத்தைக் கூறாது. உலர்ந்ததோ, எலி தின்றதோ, களவு போனதோ, எல்லாம் அடக்கவிலைக்குள் மறைந்துவிடும். இருப்புப் புத்தகத்தையும் தராசையும் ஒப்பிட்டு, அந்த 4 குவிண்டாலுக்குக் காரணம் கேட்பது நிர்வாகக் குழுவின் கடமை.

மதிப்பிடுவதிலும் தவறு நேரலாம். அதே 36 குவிண்டாலை விற்கும் விலையாகிய 12,000 ரூபாயில் மதித்தால் இலாபம் 2,92,000 ரூபாயாக உயரும். விற்காத சரக்குக்கு இலாபம் ஏது? இவ்வாண்டின் இறுதி இருப்பே அடுத்த ஆண்டின் ஆரம்ப இருப்பாதலால், இன்று ஏற்றிக் காட்டிய 93,600 ரூபாய் அடுத்த ஆண்டின் இலாபத்தை அப்படியே விழுங்கிவிடும். அடக்கவிலை, விற்றால் செலவு போகக் கிடைக்கக்கூடிய தொகை, இவ்விரண்டில் எது குறைவோ அதையே கொள்வது முறை.

மூன்றாவது தவறு தேதியைப் பற்றியது. மார்ச்சு 30-இல் வெள்ளிமலையில் வாங்கிய மூட்டைகள் இருப்பில் எண்ணப்பட்டு, அவற்றின் பட்டியல் ஏப்ரலில் பதியப்படுமாயின், அந்தச் சரக்கு செலவின்றி வந்ததாக ஆகி, அதன் முழு விலையும் இலாபமாகத் தோன்றும். மாறாக, பட்டியல் பதியப்பட்டு, மூட்டைகள் மலைப்பாதையில் வண்டியில் இருக்குமாயின், இரு கிடங்கிலும் எண்ணப்படாமல் விடுபட்டு நட்டம் தோன்றும்.

நெசவாளர் சங்கங்களுக்கும் இதுவே பொருந்தும். அங்கத்தினர் வீட்டுத் தறியில் ஏறியுள்ள பாவும், தாரில் சுற்றிய ஊடையும் சங்கத்தின் சரக்கே. கிடங்கு நூலை மட்டும் எண்ணினால் இலாபம் குறைந்து தெரியும்.

ஆண்டறிக்கை கைக்கு வந்ததும், அங்கத்தினர் மொத்த இலாபம் விற்பனையில் நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடலாம். நம் உதாரணத்தில் அது ஏறக்குறைய 21. விலைகளில் பெரிய மாற்றமின்றி அது 30-க்குத் தாவினால், பொதுக்குழுவில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது: மார்ச்சு 31 அன்று மூட்டைகளை நிறுத்தவர் யார், அந்தப் பட்டியலில் கையெழுத்திட்டவர் யார்?