‘100 எம்பிபிஎஸ் வரை’: அதற்குக் கீழே எவ்வளவு?

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது 100, 200, 300 என்ற பெரிய எண். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘அப் டு’ என்று இருக்கும். அந்த எண் இணைப்பின் உச்ச வேகம். அதற்குக் கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்வதில்லை. ஆகவே ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்ற பிளானில் இரவு எட்டு மணிக்கு 30 மட்டுமே வந்தாலும், விளம்பரம் தவறு என்று அந்த வரியை வைத்து மட்டும் வாதாட முடியாது.

வேகம் ஏன் இறங்குகிறது? வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பரவலாக இருப்பது ஜிபான் என்ற முறை. ஆபரேட்டரின் கருவியிலிருந்து புறப்படும் ஒற்றை ஃபைபர், சுமார் 2,488 எம்பிபிஎஸ் வேகத்தைச் சுமந்து வருகிறது. தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த 64 வீடுகளும் 100 எம்பிபிஎஸ் பிளான் வாங்கியிருந்தால், விற்ற வேகம் மொத்தம் 6,400. எல்லோரும் ஒரே நொடியில் முழுவேகத்தில் இழுத்தால் தலைக்கு 39 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும்.

நடைமுறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. அதனால்தான் காலையில் 100 வந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கணக்கு தெருவோடு முடிவதில்லை. ஆபரேட்டர் மேலிடத்திலிருந்து வாங்கி வைத்திருக்கும் மொத்த பேண்ட்வித் போதாவிட்டால், தெருவில் நெரிசலே இல்லாதபோதும் வேகம் விழும்.

பிளான் விவரத்தில் இன்னொரு ‘வரை’யும் உண்டு. ‘1,000 ஜிபி வரை 100 எம்பிபிஎஸ், அதன்பின் 2 எம்பிபிஎஸ்’ என்பது போல எழுதியிருப்பார்கள். 1,000 ஜிபி கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 4கே படம் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 7 ஜிபி போகும். இரண்டு டிவியில் தினம் மூன்று மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 42 ஜிபி. மாதத்தின் 24ஆம் தேதி வாக்கில் வரம்பு தீர்ந்து, மீதி நாட்கள் 2 எம்பிபிஎஸ்ஸில் நகரும். அந்த வேகத்தில் ஹெச்டி படம்கூடச் சரியாக ஓடாது.

விற்பனைக்கு வருபவர் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும், வாங்குபவர் தேடிப் படிக்க வேண்டிய வரி இந்த ‘அதன்பின்’தான். டேட்டா வரம்பு எவ்வளவு, வரம்புக்குள் என்ன வேகம், தாண்டிய பிறகு என்ன வேகம் என்ற மூன்றையும் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்று டிராய் 2016இல் உத்தரவிட்டது. வரம்பு தாண்டினாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. 2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்டின் வரையறையையே மாற்றி, குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் டவுன்லோடு வேகம் தரக்கூடிய இணைப்புக்குத்தான் அந்தப் பெயர் என்றது. அந்த 2 எம்பிபிஎஸ்ஸும் நிறுவனத்தின் கேந்திரத்திலிருந்து சந்தாதாரருக்கு வரும் வேகமே. அதற்கு அப்பால் இருக்கும் இணையதளம் மெதுவாக இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது.

நூறு ரூபாய் பொருளுக்கு இரண்டு ரூபாய்க்குத்தான் உறுதி என்பது போன்ற நிலை இது. வாடிக்கையாளருக்கு இது போதாது.

பிரிட்டன் இதை வேறு மாதிரி கையாள்கிறது. அங்கே 2018 மே மாதத்திலிருந்து, விளம்பரத்தில் போடும் வேகம் இரவு 8 முதல் 10 மணி வரையிலான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்க வேண்டும். அதற்கு முன்பு பத்து சதவீதம் பேருக்குக் கிடைத்தாலே போதும் என்றிருந்தது. ஆஃப்காம் என்ற ஒழுங்காற்று அமைப்பின் நடத்தை விதியை ஏற்ற நிறுவனங்கள், இணைப்பு விற்கும்போதே அந்த வீட்டுக்கான உறுதியான குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லிவிட வேண்டும். வேகம் அதற்குக் கீழே விழுந்து, 30 நாட்களில் சரிசெய்யப்படாவிட்டால், வாடிக்கையாளர் அபராதமின்றி ஒப்பந்தத்திலிருந்து விலகலாம்.

நம் ஊரில் அந்த எண்ணை நாமே கேட்டு வாங்க வேண்டும். ‘இரவு ஒன்பது மணிக்கு லேன் கேபிளில் குறைந்தது எவ்வளவு வரும்? அதற்குக் கீழே போனால் என்ன செய்வீர்கள்?’ என்று இமெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தலாம். எண் சொல்லாமல் ‘நல்ல ஸ்பீடு சார்’ என்று மட்டும் பதில் வந்தால், ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுப்பது நல்லது. நிச்சயமான வேகமே வேண்டும் என்கிற அலுவலகங்கள் லீஸ்டு லைன் வாங்குகின்றன. அதில் வேகம் யாரோடும் பகிரப்படாது, ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். விலை வீட்டு பிளானைப் போலப் பல மடங்கு.

இணைப்பு வந்தபின் சோதிக்கும்போது வைஃபையை நம்ப வேண்டாம். பழைய ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே வேகத்தைப் பாதியாக்கிவிடும். லேன் கேபிளை லேப்டாப்பில் நேராகச் செருகி, காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் சில நாட்கள் அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம். காலை 95, இரவு 25 என்றால் கோளாறு வீட்டுக்குள் இல்லை. அந்தப் பதிவோடு வாடிக்கையாளர் சேவையில் புகார் செய்து, டாக்கெட் எண் வாங்க வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகும்போது, அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.