வாணலியின் எடையும் ஒரு சைனும்

அடி கனமான எஃகு வாணலி ஒன்று. பிடியை விட்டுவிடுவோம். அரைக்கோள வடிவம், ஆரம் 10 செ.மீ. அடியில் 5 மி.மீ. தடிமன்; உயரம் ஏற ஏறச் சீராக மெலிந்து விளிம்பில் 2.5 மி.மீ. தராசில் வைக்காமல் இதன் எடையைச் சொல்ல முடியுமா?

எஃகு கன செ.மீ.க்குச் சுமார் 8 கிராம். எனவே அடியில் ஒரு சதுர செ.மீ. தகட்டின் எடை 4 கிராம், விளிம்பில் 2 கிராம். தகட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் பரப்பையும் அங்குள்ள எடை விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். பரப்புத் தொகையீடு என்பது இதுதான். ஆனால் வளைந்த தகட்டில் ஒரு துண்டின் பரப்பு எவ்வளவு? சிக்கல் அங்கேதான்.

வாணலியின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்களால் முகவரி கொடுப்போம். கோளத்தின் மையத்திலிருந்து பார்க்கையில், அடிப்புள்ளியிலிருந்து மேலே எத்தனை பாகை என்பது φ. சுற்றிலும் எத்தனை பாகை என்பது θ. இவையே துணையலகுகள். பாகைக்கு ஒரு கோடு வீதம் இரு பக்கமும் வரைந்தால் பரப்பு கட்டங்களாகப் பிரியும். விளிம்பருகே கட்டத்தின் இரு பக்கமும் சுமார் 0.175 செ.மீ. கீழே இறங்க இறங்க, துருவத்தை நெருங்கும் தீர்க்கரேகைகளைப் போலக் கோடுகள் நெருங்கி, கட்டத்தின் அகலம் sin φ அளவில் குறைகிறது. அடியிலிருந்து 30 பாகையில் கட்டத்தின் பரப்பு விளிம்பில் உள்ளதில் பாதிதான்.

எந்த வளைபரப்புக்கும் வழி ஒன்றே: φ-ஐ இம்மி நகர்த்தினால் புள்ளி நகரும் திசையில் ஒரு வெக்டர், θ-வை நகர்த்தினால் இன்னொன்று. அவ்விரண்டும் அடைக்கும் இணைகரத்தின் பரப்பு, அவற்றின் வெக்டர் பெருக்கத்தின் நீளம். கோளத்துக்கு அது R² sin φ dφ dθ என்று வருகிறது.

M = ∫∫ (2 + 2 cos φ) · 100 sin φ dφ dθ = 600π ≈ 1885 கிராம்

φ 0 முதல் 90 பாகை வரை, θ முழுச் சுற்று. தொகையிடும்போது கோணங்களை ரேடியனில் எடுக்க வேண்டும்.

மாணவர்கள் அடிக்கடி தவறவிடுவது அந்த sin φ-ஐத்தான். அதை விட்டுவிட்டால் விடை 3230 கிராம்! அடியில் உள்ள இத்தனூண்டு கட்டங்கள் முழுக் கட்டங்களாக எண்ணப்படுகின்றன. தகடு கனமாக இருப்பதும் அங்கேதான். பிழையைப் பிடிக்க எளிய வழி உண்டு. எடை விகிதத்துக்குப் பதில் 1 என்று போட்டால் விடை அரைக்கோளத்தின் பரப்பாக, 628 சதுர செ.மீ. ஆக வர வேண்டும். சைனை மறந்தவருக்கு 987 வரும்.

எனக்கு மிகப் பிடித்தது இன்னொரு சரிபார்ப்பு. கோளத்தைச் சம உயர வளையங்களாக அரிந்தால், எல்லா வளையங்களுக்கும் ஒரே பரப்பு. ஆர்க்கிமிடீஸின் கோளம், உருளை ஆய்வோடு சேர்ந்த உண்மை இது. நம் எடை விகிதம் உயரத்தோடு சீராகக் குறைவதால், 4-க்கும் 2-க்கும் சராசரி 3. அதை 628-ஆல் பெருக்கினால் அதே 1885 கிராம்தான்!

இந்தக் கணக்கு தகட்டை மெல்லிய பரப்பாகப் பாவிக்கிறது. 10 செ.மீ. என்பது தகட்டின் நடுத்தளத்துக்கு அளந்ததாக இருக்க வேண்டும். வெளிப்புறத்தை அளந்திருந்தால், உண்மை எடை சுமார் 70 கிராம் குறைவாக இருக்கும்.