செம்பருத்திப் படமும் மூன்று வேலைகளும்

செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மாணவி ஒருத்தி ஆசிரியருக்கு அனுப்புகிறாள். கூடவே ஒரு சொல்லும் இல்லை. குறித்த பெயர்கள் சரியா என்று கேட்கிறாளா, படத்தைத் திருத்தி வரைய வேண்டுமா, பூவின் அமைப்பை விளக்க வேண்டுமா என்பது தெரிவதில்லை. மூன்றும் வெவ்வேறு வேலைகள்.

முதலில் பார்க்க வேண்டியது பெயர்களை. மற்ற இரண்டும் தேவையா என்பது இதில்தான் தெரியவரும். எழுத்தை மட்டும் படித்தால் போதாது. குறிகோட்டின் முனை எதைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் ‘சூற்பை’ என்ற சொல் சரி. ஆனால் கோடு பச்சைப் புல்லி இதழில் முடிகிறது. உள்ளே இருக்கும் சூற்பை வரை கோட்டை நீட்டினால் பிழை தீர்ந்துவிடும். நிழலில் மறைந்த பெயரைத் தவறு என்று சொல்லக் கூடாது. படிக்க முடியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த பிழை அப்படித் தீராது. ‘சூலகத்தண்டு’ என்று குறித்த கோடு, பூவின் நடுவே நீண்டிருக்கும் தண்டைத் தொடுகிறது. செம்பருத்தியில் வெளியே தெரியும் அந்தத் தண்டு உண்மையில் மகரந்தக் குழல். மகரந்தத்தாள்களின் காம்புகள் ஒன்றாக இணைந்து குழலாகியிருக்கின்றன. சூலகத்தண்டு அதற்குள்ளே நூல்போல ஓடி, உச்சியில் ஐந்தாகப் பிரிந்து வெளிவருகிறது. மாணவியோ உள்ளே எதுவும் இல்லாத ஒற்றைத் தண்டாக வரைந்திருக்கிறாள். கோட்டை எங்கே நகர்த்தினாலும் சூலகத்தண்டு கிடைக்காது. பெயரையோ கோட்டையோ மாற்றித் தீராத பிழை, வரைபடத்தின் பிழை. அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் வரைந்தால் போதும்: குழலுக்கு இரண்டு சுவர், நடுவே ஒரு நூல், அடியில் சூற்பை. அதை அவளே வரைய வேண்டும். ஆசிரியர் முழுப் படத்தையும் வரைந்து அனுப்பினால் அவள் அதைப் பார்த்து எழுதுவதோடு சரி.

விளக்கம் எந்த அளவுக்கு என்பதையும் பிழையே தீர்மானிக்கிறது. புல்லியில் முடிந்த கோடு கைத்தவறாக இருக்கலாம். அதற்கு விளக்கம் தேவையில்லை. குழலைத் தண்டு என்று எண்ணியது புரிதலின் குறை. ஒரு பூவை நீளவாக்கில் பிளேடால் பிளந்து குழலுக்குள் பார்க்கச் சொன்னால் நூல் தெரிந்துவிடும். மகரந்தச் சேர்க்கை, கருவுறுதல் என்று பாடத்தை விரித்தால் இந்த ஒரு திருத்தம் அதில் காணாமல் போகும்.

ஆகவே பதில் இப்படி அமையலாம்: சரியான பெயர்கள் எவை, நகர்த்த வேண்டிய கோடு எது, மீண்டும் வரைய வேண்டிய பகுதி எது, அது ஏன் என்று ஒரு வரி. கடைசியில், வேறு எதைக் கேட்க நினைத்தாள் என்று ஒரு கேள்வி.