எண் ஏன் ஓரத்தில் நிற்க மறுக்கிறது?

கணிதமோ இயற்பியலோ கலந்த ஓர் ஆய்வேட்டைக் கையில் எடுத்து, சமன்பாடுகளின் எண்களை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். (2.1) வலது ஓரத்தில் ஒழுங்காக நிற்கும். (2.2) அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். (2.3) இடம் போதாமல் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு விழுந்திருக்கும். டைப் அடித்தபோது எல்லாம் நேராகத்தான் இருந்தது, பிரிண்ட் எடுக்கும்போதுதான் குலைந்தது என்று மாணவர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான்.

முதல் சந்தேகம் ஸ்பேஸ் பார் மீது விழ வேண்டும். வேர்டில் Ctrl+Shift+8 அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத குறிகள் எல்லாம் வெளியே வரும். சமன்பாட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், எண்ணை ஓரம் வரை ஸ்பேஸ் தட்டித் தட்டி நகர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். வேர்டுக்கு ஸ்பேஸ் என்பது இன்னோர் எழுத்து, அவ்வளவுதான். எழுத்துரு மாறினால் அதன் அகலமும் மாறும். வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் போனாலோ, எழுத்தின் அளவை 12-லிருந்து 13 ஆக்கினாலோ, எல்லா எண்களும் தத்தம் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். 'வலது ஓரத்தில் நில்' என்ற கட்டளை அந்தக் கோப்பில் எங்குமே இல்லை.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டேப் வைப்பார்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். பைண்டிங்குக்காக இடப்பக்கம் 3.5, வலப்பக்கம் 2.5 விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 15. ஆகவே 7.5-இல் ஒரு Center டேப், 15-இல் ஒரு Right டேப். வரியின் தொடக்கத்தில் ஒரு டேப், பிறகு சமன்பாடு, மறுபடி ஒரு டேப், கடைசியில் எண். எழுத்துரு எப்படி மாறினாலும் எண் ஓரத்தை விட்டு அசையாது. ஆனால் கைடு பார்த்துவிட்டு இடது ஓரத்தை 4 ஆக்கச் சொன்னால், டேப்புகள் பழைய 7.5-லும் 15-லுமே நின்றுவிடும். எழுத்துப் பரப்போ 14.5 ஆகச் சுருங்கியிருக்கும். எண் ஓரத்தைத் தாண்டி அரை சென்டிமீட்டர் வெளியே எட்டிப்பார்க்கும்.

டேப் முறையில் இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. இருபடிச் சமன்பாட்டின் தீர்வை எடுத்துக்கொள்வோம். ஒரு பத்தியில் அந்தச் சூத்திரம் மட்டும் தனியாக இருந்தால், வேர்ட் அதை Display என்ற நிலையில் வைக்கும். பின்னத்தின் மேலும் கீழும் உள்ள எழுத்துகள் முழு அளவில், தாராளமாக வரும். அதே பத்தியில் சமன்பாட்டுக்கு வெளியே ஏதாவது ஒன்று நுழைந்தால் போதும், அது Inline நிலைக்குப் போய்விடும். வாக்கியத்தின் நடுவே இருக்கும் சூத்திரம் என்று கருதி, வரியின் உயரத்துக்குள் அடக்கப் பார்க்கும். பின்னம் சுருங்கும். கூட்டல் குறியான சிக்மாவுக்கு மேலும் கீழும் இருக்க வேண்டிய எல்லைகள் பக்கவாட்டுக்கு நகரும். எண்ணைத் தள்ளுவதற்காக வைத்த டேப்பே அந்த 'வெளி ஆள்' ஆகிவிடுகிறது. சமன்பாட்டுக்குப் பின் வைக்கும் காற்புள்ளியும் அதே வேலையைச் செய்யும். காற்புள்ளி வேண்டுமென்றால் சமன்பாட்டுப் பெட்டிக்கு உள்ளேயே அடிக்க வேண்டும். சில சூத்திரங்கள் பெரிதாகவும் சில சின்னதாகவும் இருக்கும் ஆய்வேடுகளில் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு தொல்லைகளையும் ஒன்றாகத் தீர்க்க மைக்ரோசாஃப்ட் 365, வேர்ட் 2019 போன்ற பிற்காலப் பதிப்புகளில் ஒரு வழி இருக்கிறது. மெனுவில் எங்கும் தென்படாததால் பலருக்குத் தெரிவதில்லை. Alt மற்றும் = விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதற்குள் இப்படி அடிக்க வேண்டும்:

```
x=(-b±√(b^2-4ac))/2a#(2.3)
```

கடைசியில் என்டர் தட்டியதும் சூத்திரம் நடுவுக்கும், (2.3) வலது ஓரத்துக்கும் போய்விடும். எண்ணும் சமன்பாட்டின் பகுதியாகிவிடுவதால் பத்தியில் வெளி ஆள் கிடையாது, பின்னமும் சுருங்காது. பக்க ஓரத்தை மாற்றினாலும் எண் கூடவே நகரும். ஏற்கெனவே அடித்து முடித்த சமன்பாடாக இருந்தால், கர்சரை அதன் கடைசிக்குக் கொண்டுபோய் #(2.3) என்று சேர்த்து என்டர் தட்டலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கர்சர் 2a என்ற பகுதிக்கு உள்ளேயே நின்றால் எண்ணும் பின்னத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வலது அம்புக்குறியைத் தட்டிப் பின்னத்தை விட்டு வெளியே வந்த பிறகு அடியுங்கள். என்டருக்குப் பிறகும் # அப்படியே நின்றால் உங்கள் பதிப்பு பழையது.

இது முழுமையான தீர்வு என்று சொல்ல மாட்டேன். (2.3) என்பது நாம் கையால் அடித்த எண். நடுவில் புதிதாக ஒரு சமன்பாட்டைச் சேர்த்தால் அடுத்தடுத்த எண்களை நாமேதான் திருத்த வேண்டும்.

பழைய பதிப்புக்காரர்களுக்கும், ஒரு வரியில் அடங்காத சமன்பாடுகளுக்கும் கோடில்லாத மூன்று பத்தி அட்டவணை கைகொடுக்கும். அகலத்தை 10, 80, 10 சதவீதமாகப் பிரித்து, முதல் கட்டத்தைக் காலியாக விட்டு, நடுவில் சமன்பாட்டையும் மூன்றாவதில் எண்ணையும் வைக்க வேண்டும். நடுக்கட்டத்தில் சமன்பாடு தனியாக இருப்பதால் முழு அளவில் வரும். எண்ணுக்கு வலப்பக்க ஒழுங்கும் மேல்கீழாக நடு ஒழுங்கும் கொடுங்கள். அப்படியும் எண் ஓரத்தைத் தொடாமல் ஒரு நூலிழை உள்ளே நின்றால், கட்டத்தின் உள்விளிம்பாக வேர்ட் தானே விடும் 0.19 சென்டிமீட்டர்தான் அது. Table Properties-இல் போய் அந்த விளிம்பைப் பூஜ்யம் ஆக்கிவிட்டால் சரியாகும்.

வாக்கியத்துக்கு நடுவே வரும் சூத்திரங்களின் கதை வேறு. அவை ஓரம் தவறுவதில்லை, உயரம் தவறுகின்றன. சரியாக அமைந்த சூத்திரத்தில் x என்ற எழுத்து, பக்கத்திலிருக்கும் சொற்களின் அடிக்கோட்டிலேயே நிற்கும். பின்னத்தின் கோடு, சமக்குறியின் இரு கோடுகளுக்கும் நடுவான உயரத்தில் ஓடும். சூத்திரம் முழுவதும் படிக்கட்டு ஏறியதுபோல மேலே நின்றால், அது சூத்திரமாகவே இல்லை, படமாக மாறிவிட்டது என்று சந்தேகிக்கலாம். கோப்பைப் பழைய .doc வடிவில் சேமித்தால் வேர்ட் சமன்பாடுகளைப் படமாக்கிவிடும். படத்தின் அடிவிளிம்பு எழுத்துகளின் அடிக்கோட்டில் உட்காருவதால், பின்னத்தின் கீழ்ப்பாதியும் மேலே ஏறிவிடுகிறது.

மேத்டைப்பில் செய்த சூத்திரங்களுக்கும் இதே போன்ற நோய் உண்டு. எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்ற அளவு, அந்தச் சூத்திரத்தின் எழுத்து அமைப்பில் Position என்ற இடத்தில்தான் பதிவாகியிருக்கும். அத்தியாயம் முழுவதையும் ஒரே சீராக்குகிறேன் என்று எல்லாவற்றையும் தேர்வு செய்து Ctrl+Space அழுத்தினால் அந்த அளவும் அழிந்துவிடும்.

சூத்திரத்தின் தலையோ காலோ வெட்டுப்பட்டிருந்தால் பத்தியின் Line spacing-ஐப் பாருங்கள். அது Exactly என்று இருந்தால், எவ்வளவு உயரமான உள்ளடக்கம் வந்தாலும் வரி விரியாது. Multiple என்று மாற்றினால் மறைந்த பகுதி திரும்பி வரும்.

டைப்பிங் சென்டரில் வேலையைக் கொடுப்பவர்கள் தாளை மட்டும் வாங்கி வராதீர்கள், .docx கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அங்கேயே கோப்பைத் திறந்து ஒரு சமன்பாட்டின் மேல் கிளிக் செய்து பாருங்கள். கர்சர் உள்ளே போய் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். சுற்றிலும் படச் சட்டம் மட்டும் தோன்றினால், பணம் கொடுப்பதற்கு முன்பே திரும்ப அடித்துத் தரச் சொல்லுங்கள்.