தீபாவளிப் பக்கத்தை ஆவணியிலேயே எழுதுங்கள்

தீபாவளி மலர் கொண்டுவரும் பத்திரிகைகள், தீபாவளி நெருங்கிய பிறகா கதையும் கட்டுரையும் கேட்டு எழுத்தாளர்களுக்குச் சொல்லி அனுப்புகின்றன? அச்சுக்கும் பைண்டிங்குக்கும் ஊர் ஊராக அனுப்புவதற்கும் நாள் வேண்டும் என்பதால், சில மாதங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. இணையத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பட்டனைத் தட்டினால் அடுத்த நொடியே யாரும் படிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் கூகுளில் தேடுகிறவர் கண்ணில் அது எப்போது படும் என்பது வேறு விஷயம். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு அதிரசம் பற்றி எழுதி வெளியிட்டால், அது தேடலில் மேலே ஏறி வருவதற்குள் பெரும்பாலும் கார்த்திகை தீபமே வந்துவிடும்.

ஒரு சிறிய தமிழ்ச் சமையல் தளத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் சமைத்து, படம் எடுத்து, எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுவதில் இரண்டு வகை உண்டு. இட்லி மாவு அரைப்பது, ரசப்பொடி, சாம்பார் பதம் போன்றவற்றை ஆண்டு முழுவதும் ஒரே சீராகத் தேடுவார்கள். இதை எவர்கிரீன் என்கிறார்கள். பிள்ளையார் கொழுக்கட்டை, நவராத்திரிச் சுண்டல், தீபாவளி அதிரசம், சர்க்கரைப் பொங்கல் போன்றவற்றைத் தேடுவது வருடத்தில் சில வாரங்கள் மட்டும் உச்சத்துக்குப் போய், பிறகு விழுந்துவிடும். இது சீசன் கட்டுரை.

இதில் எது லாபம் என்று கேட்டால், கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இட்லி மாவுப் பக்கத்துக்கு நாளுக்கு 200 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 73,000 பேர். அதிரசப் பக்கத்துக்குத் தீபாவளியை ஒட்டிய 15 நாளில் நாளுக்கு 4,000 பேர் என்றால் 60,000 பேர். அந்த 15 நாளில் தளத்துக்காரருக்கு அதிரசம்தான் எல்லாம் என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் ஓசையில்லாமல் முந்துவது இட்லி மாவு. ஆனாலும் இந்த 60,000 பேரை விட்டுவிடவும் முடியாது. முதல்முறையாகத் தளத்துக்குள் வருகிறவர்களில் பலர் இப்படிப் பண்டிகைக்கு வருகிறவர்கள்தான்.

எந்தப் பலகாரத்துக்குத் தேடல் எப்போது ஏறுகிறது என்பதை கூகுள் ட்ரெண்ட்ஸில் இலவசமாகப் பார்க்கலாம். பகுதியைத் தமிழ்நாடு என்று வைத்து, காலத்தை ஐந்து ஆண்டு என்று வைத்தால், வருடா வருடம் ஒரே மாதிரி முளைக்கும் கூம்புகள் தெரியும். இங்கே கவனம் வேண்டும். அந்த வரைபடம் தேடியவர்களின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து, மற்ற வாரங்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். நூறு பேர் தேடும் சொல்லுக்கும் லட்சம் பேர் தேடும் சொல்லுக்கும் உச்சம் 100தான். அதனால் ஒரு சொல்லைத் தனியாகப் பார்க்காமல், `adhirasam`, `murukku` என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்; அப்போதுதான் இரண்டும் ஒரே அளவுகோலுக்கு வரும். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை தேடிப் பார்ப்பதும் அவசியம். `adhirasam recipe in tamil` என்று தட்டுகிறவரும் தமிழில் படிக்கத்தான் வருகிறார்.

நம் பண்டிகைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்கத் தளங்களுக்குக் கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25. நம் பொங்கலும் ஜனவரி 14, 15 தேதிகளைத் தாண்டுவதில்லை. ஆனால் தீபாவளி திதியைப் பார்த்து வருவதால் நகர்ந்துகொண்டே இருக்கும். 2023இல் நவம்பர் 12. அடுத்த ஆண்டு 12 நாள் குறைந்து அக்டோபர் 31. பிறகு 2025இல் அக்டோபர் 20. அதிக மாதம் வந்ததால் 2026இல் மறுபடி 19 நாள் தள்ளி நவம்பர் 8.

இதைக் கவனிக்காதவர்கள் வீணாகப் பதறுகிறார்கள். 2026 அக்டோபர் 1 முதல் 20 வரையிலான வரவை, 2025இன் அதே தேதிகளோடு ஒப்பிட்டால் பாதாளத்தில் விழுந்ததுபோல் இருக்கும். காரணம், முந்தைய ஆண்டின் அந்த 20 நாளுக்குள் தீபாவளியே முடிந்துவிட்டது. இந்த ஆண்டு அது இன்னும் தொடங்கவே இல்லை. தேதியை விட்டுவிட்டு, பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு என்று எண்ண வேண்டும். 2025 செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 20 வரை ஒரு பக்கம், 2026 அக்டோபர் 18 முதல் நவம்பர் 8 வரை மறுபக்கம் என்று வைத்தால்தான் ஒப்பீடு சரி. கூகுள் சர்ச் கன்சோல் 16 மாத விவரத்தை மட்டுமே வைத்திருக்கும். போன தீபாவளி கிடைக்கும், அதற்கு முந்தையது போய்விடும். அதனால் ஒவ்வொரு ஆண்டும் பண்டிகை முடிந்த வாரமே அந்தக் கணக்கைத் தரவிறக்கி வைத்துவிடுங்கள்.

இனி, எப்போது வெளியிடுவது? பண்டிகை நாளிலிருந்து அல்ல, தேடல் ஏறத் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உங்கள் வரைபடத்தில் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு ஏற்றம் தொடங்குகிறது என்றால், 2026க்கு அது அக்டோபர் 18. புதுப் பக்கத்தைக் கூகுள் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்க்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். சேர்த்த பிறகு அது எந்த இடத்தில் நிற்கும் என்பது தெளிவாக இன்னும் சில வாரம். ஆகவே புதுப் பக்கத்துக்கு ஆறு வாரம் கொடுங்கள்: செப்டம்பர் 6க்குள், அதாவது ஆவணியிலேயே வெளியாகிவிட வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் பழைய பக்கத்தைத் திருத்துவதற்கு மூன்று வாரம் போதும். வெளியிட்ட பிறகு சர்ச் கன்சோலில் `URL Inspection` என்ற இடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். `URL is on Google` என்று வந்தால்தான் பக்கம் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. செப்டம்பர் கடைசியிலும் அப்படி வரவில்லை என்றால், சரிசெய்ய நாள் கையில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் தெரிந்து என்ன பயன்?

பலரும் செய்யும் தவறு ஒன்று, வருடத்துக்கு ஒரு புதுப் பக்கம் தொடங்குவது. `/deepavali-palagaram-2025`, அடுத்து `/deepavali-palagaram-2026` என்று போவார்கள். முதல் பக்கம் சம்பாதித்த இணைப்புகளும் நற்பெயரும் அங்கேயே தங்கிவிடும். புதுப் பக்கம் வெறுங்கையோடு நிற்கும். தேடலிலும் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். `/deepavali-palagaram` என்று ஆண்டு இல்லாத ஒரே முகவரி வைத்து, தலைப்பிலும் உள்ளேயும் மட்டும் வருடா வருடம் புதுப்பிப்பதே சரி. ஆண்டுதோறும் வரும் விற்பனை விழாக்களுக்கு வணிகத் தளங்களிடம் கூகுளே சொல்வதும் இதைத்தான்: ஒரே முகவரியை வைத்திருங்கள், பக்கத்தைச் சீக்கிரமே உருவாக்குங்கள். பண்டிகை முடிந்ததும் முகப்பிலிருந்து இணைப்பை எடுத்துவிடலாம், பக்கத்தை அழிக்கக் கூடாது. உள்ளே ஒன்றும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாகப் போடுவதும் வேண்டாம். படிக்க வருகிறவரை ஏமாற்றும் வேலை அது.

சமநிலை என்பது பத்துக்கு ஏழு எவர்கிரீன், மூன்று சீசன் என்ற விகிதத்தில் மட்டும் இல்லை. எதை எந்தப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதிரசத்தையே பாருங்கள். தீபாவளிப் பலகாரப் பட்டியல் மூன்று வாரத்துச் சரக்கு. ஆனால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போவது ஏன் என்ற கேள்வி ஆடியிலும் வரும், கார்த்திகையிலும் வரும், கல்யாணச் சீருக்குப் பலகாரம் சுடும் வீட்டிலும் வரும். பாகு பதம் வரும் முன்பே இறக்கிவிட்டால் பிரியும்; கொஞ்சம் பச்சரிசி மாவு சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். பதம் மிஞ்சினால் அதிரசம் கல்லாகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, மெத்தென்று உருட்ட வருகிறதா என்று பார்த்து இறக்க வேண்டும். இவையெல்லாம் ஒரு தனி எவர்கிரீன் பக்கமாக ஆண்டு முழுவதும் நிற்கட்டும். தீபாவளிப் பக்கம் ஒல்லியாக இருந்து, அங்கே கைகாட்டிவிட்டால் போதும். பண்டிகைக் கூட்டம் அந்த வழியாக எவர்கிரீன் பக்கத்துக்குப் போகும்.

அதிரசம் இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. அதன் மாவைக் குறைந்தது ஒரு நாளாவது ஊற வைக்க வேண்டும். பல வீடுகளில் இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். ஆகவே அதைச் செய்கிறவர், முறுக்கு சுடுகிறவரைவிட முன்னதாகவே தேட வேண்டியிருக்கும். பலகாரம் ஒவ்வொன்றையும் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்த சமையல்காரருக்கு, வரைபடத்தைப் பார்க்காமலே பாதி புரிந்துவிடும்.

எல்லா உச்சத்தையும் துரத்தவும் வேண்டாம். இந்த ஆண்டு தீபாவளி என்றைக்கு என்று தேடுகிறவர் ஏராளம், ஆனால் விடை கூகுளின் பக்கத்திலேயே மேலே வந்துவிடுவதால் உள்ளே வந்து படிக்கிறவர் சொற்பம். சர்ச் கன்சோலில் இது தெளிவாகத் தெரியும்: காட்டப்பட்ட எண்ணிக்கை மலைபோல் இருக்கும், கிளிக் கடுகளவு இருக்கும். அப்படிப்பட்ட தலைப்புக்கு உழைப்பைச் செலவிடாதீர்கள்.

2026ஐ எடுத்துக்கொண்டால், விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14, ஆயுத பூஜை அக்டோபர் 19, தீபாவளி நவம்பர் 8. மூன்றும் எட்டு வாரத்துக்குள் அடுக்கி நிற்கின்றன. இரண்டு பேர் நடத்தும் தளம் செப்டம்பரில் உட்கார்ந்து மூன்றுக்கும் எழுத முடியாது. கொழுக்கட்டை ஜூலையிலும், சுண்டல் ஆகஸ்டிலும், அதிரசம் செப்டம்பர் முதல் வாரத்திலும் வெளியாக வேண்டும். பொங்கல் முடிந்த பிறகு ஜூன் வரை பெரிய பண்டிகை நெருக்கடி இல்லை. வற்றல், வடாம், மாவடு தவிர சீசன் வேலையும் குறைவு. எவர்கிரீன் பக்கங்களை எழுதிக் குவிக்க வேண்டிய காலம் அதுதான்.

ஜூலையில் கொழுக்கட்டைக்குப் படம் எங்கே போவது என்று கேட்கலாம். அடுப்படியில் செய்து எடுக்கலாம், ஆனால் அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் குடையுமாகக் களிமண் பிள்ளையார் சந்தையில் கிடைக்கும் காலம் அது இல்லை. அந்தப் படங்களை முந்தைய ஆண்டு பண்டிகை அன்றே எடுத்து வைத்திருக்க வேண்டும். அதனால் வரப்போகும் பண்டிகைக்குப் பலகாரம் செய்யும்போது கேமராவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எடுக்கும் படம் அடுத்த ஆண்டுப் பக்கத்துக்கு.